பதிவில் இல்லாத எண்

கடலூர்ப் பக்கம் வெள்ளம் வந்த மூன்றாம் நாள் ரோஷினி நிவாரணப் பொருள்கள் கேட்டு இணையத்தில் அந்தப் பதிவைப் போட்டாள். போர்வை, கொசுவலை, டார்ச், டயப்பர், சானிட்டரி நாப்கின், எல்லாம் புதிதாக, உறை பிரிக்காமல். பழைய துணி வேண்டாம். சிங்கப்பூர் தேக்காவில் நூர்தீன் பாயின் ஜவுளிக்கடையிலோ கேலாங் ஈஸ்டில் ஒரு தொண்டரின் வீட்டிலோ கொடுக்கலாம். கடைசி வரியைச் சொல்லிக்கொடுத்தவர் வேலாயுதம்: "நாங்கள் பணம் வாங்குவதில்லை. எங்கள் பெயரில் யாராவது கணக்கு எண் கொடுத்தால் நம்பாதீர்கள்." பணம் திரட்ட அனுமதி வாங்க வேண்டும், நமக்கு அந்த வம்பே வேண்டாம் என்றார். ஏழு வருடமாகத் தொண்டூழியத்தில் அவளோடு நின்றவர். அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள்.

இரண்டாம் ஞாயிறு மதியம் கடைக்கு முத்துராமன் வந்தான். துவாஸ் கப்பல் பட்டறையில் வெல்டர்.

"அக்கா, போன வாரமே இருநூறு வெள்ளி பணம் அனுப்பிட்டேன். எங்க ஊருக்கும் சாமான் போகுமா?"

கைப்பேசியைக் காட்டினான். அவள் எழுதிய அதே பட்டியல், அதே இடங்கள். கடைசி வரி மட்டும் இல்லை. அந்த இடத்தில், பணம் அனுப்புவதற்கு பேநவ் எண்ணாக ஒரு கைப்பேசி எண். அவன் தங்கும் தொழிலாளர் விடுதியில் பதினோரு பேர் அனுப்பியிருந்தார்கள்.

யாரென்று கேட்டுவிடலாம் என அந்த எண்ணை அழுத்தினாள். பாதியிலேயே திரையில் பெயர் வந்தது: வேலா அண்ணன், பழைய நம்பர். அதை எப்போதோ விட்டுவிட்டதாகச் சொல்லியிருந்தார்.

கடையின் பின்னறையில் அவர் பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். எதிரே கைப்பேசியை வைத்தாள். பார்த்தார். கையிலிருந்த பெட்டியை ஒட்டி முடித்துவிட்டுத்தான் பேசினார்.

"வேலை போயி அஞ்சு மாசமாச்சு ரோஷினி. வீட்டுலகூடச் சொல்லல. வேற வேலை கெடச்சதும் திருப்பிக் குடுத்துடலாம்னு நெனச்சேன்."

"யாருக்கெல்லாம் அனுப்பினீங்க?"

"டார்மிட்டரி குரூப்புக்கு மட்டுந்தான். அவங்க யாரும் கடைக்கு வந்து கேக்க மாட்டாங்கன்னு..." என்று நிறுத்திக்கொண்டார்.

வேலை போனதைச் சொன்னபோது அவளுக்கு இரக்கம் வந்தது உண்மை. இதைக் கேட்டதும் அது வற்றிவிட்டது. கேட்க வரமாட்டார்கள் என்று ஆள் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

போலீஸ் வேண்டாம் என்று மெல்லிய குரலில் கெஞ்சினார். நூர்தீன் பாயும் ஒரு நாள் பொறுக்கலாமே என்றார். ரோஷினி முத்துராமனை வங்கிக்கு உடனே போன் செய்யச் சொல்லி, அவனோடு காவல் நிலையத்துக்குப் போய்ப் புகார் கொடுத்தாள். அந்த எண்ணைக் குறிப்பிட்டு, யாரும் பணம் அனுப்ப வேண்டாம் என்று புதுப் பதிவும் போட்டாள்.

அதன்பிறகு வந்த பொருள்கள் பாதியாகக் குறைந்தன. ஒரு பெண்மணி கொசுவலைக் கட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "நீங்க உண்மையான ஆள்தானா?" என்று கேட்டார். ரோஷினி தன் அடையாள அட்டையை எடுத்துக் காட்டினாள்.

வியாழக்கிழமை பெட்டிகள் கப்பலேறின. பதினோரு பேரின் பணம் இன்னும் திரும்பி வரவில்லை.