பதினேழாவது வரியின் நிறம்

அலுவலகத்தில் அவளுக்கு ரிஸ்க் அக்கா என்று பேர் விழுந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவளைவிட வயதில் மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். பேர் வைத்த புண்ணியவான் யார் என்று கண்டுபிடிக்க அவள் மெனக்கெடவில்லை. அதற்கெல்லாம் தெம்பு வேண்டும்.

அது மருந்து மொத்த வியாபாரக் கம்பெனி. கொள்முதல், கிடங்கு, விற்பனை என்று ஆளுக்கொரு மூலையில் ஓடிக்கொண்டிருந்த வேலைகளை எல்லாம் ஒரே ஈ.ஆர்.பி. மென்பொருளுக்குள் கொண்டுவரும் திட்டம் பதினைந்தாவது மாதமாக இழுத்துக்கொண்டிருந்தது. தொடக்க நாளை ஏற்கெனவே இரண்டு தடவை தள்ளியாயிற்று. இந்தத் திட்டத்தில் என்னென்ன தப்பாகப் போகலாம் என்று எழுதிவைக்கும் ரிஸ்க் பதிவேட்டை அவள் தலையில் கட்டியிருந்தார்கள்.

பதிவேடு என்றால் கணினியில் ஒரு அட்டவணை, அவ்வளவுதான். முப்பத்தொரு வரிகள். ஒரு வரிக்கு ஓர் ஆபத்து. அது நடக்க எவ்வளவு வாய்ப்பு என்பதற்கு ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஒரு எண், நடந்தால் பாதிப்பு எவ்வளவு என்பதற்கு அதேபோல இன்னொரு எண். இரண்டையும் பெருக்கினால் பதினைந்தோ அதற்கு மேலோ வந்தால் கட்டம் சிவப்பாகிவிடும். எட்டிலிருந்து பதினான்கு வரை மஞ்சள், அதற்குக் கீழே பச்சை. பக்கத்திலேயே முன்கூட்டித் தெரியும் அறிகுறிகள், யார் பொறுப்பு, என்ன செய்யப்போகிறோம் என்று மற்ற கட்டங்கள். மாதம் ஒரு முறை முதலாளியம்மா தலைமையில் கூடும் குழு, சிவப்பு வரிகளை மட்டும் பார்க்கும். மஞ்சளையும் பச்சையையும் யாரும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

பதினேழாவது வரி, பழைய சரக்கு விவரம் தப்பும் தவறுமாகப் புது சிஸ்டத்துக்குள் போய்விடும் என்பது. வாய்ப்பு நான்கு, பாதிப்பு ஐந்து, மதிப்பெண் இருபது. அறிகுறிகள் என்று மூன்றை அவளே எழுதியிருந்தாள். ஒன்று, பழைய விவரங்களைச் சோதனையாக ஏற்றிப் பார்க்கும் ஒத்திகை ஏற்றத்தில் நூற்றுக்கு இரண்டு வரிக்கு மேல் சிஸ்டம் ஏற்காமல் தள்ளிவிடுவது. இரண்டு, நூறு மருந்தை எடுத்து எண்ணிப் பார்த்தால் மூன்றுக்கு மேல் திரையோடு ஒத்துப்போகாமல் இருப்பது. மூன்று, கிடங்கு ஆட்கள் சிஸ்டத்தை நம்பாமல் தனி நோட்டு வைத்துக்கொள்வது.

போன மாதம் ஒத்திகை ஏற்றம் முடிந்த மறுநாள், திட்ட மேலாளர் அவள் மேஜைக்கு வந்தார். நல்ல மனுஷன்தான். ஆனால் பதினைந்து மாதத்தில் கண்ணுக்குக் கீழே பை தொங்க ஆரம்பித்துவிட்டது.

"சிஸ்டம் தள்ளினது ஒன்றரை சதவீதம்தாங்க. உங்க அளவு ரெண்டு. அப்புறம் எதுக்கு இன்னும் சிவப்பு?"

"எண்ணிப் பாக்கற வேலை பாக்கி இருக்கே சார்."

"கிடங்குல ஆள் இல்லைங்க. அடுத்த மாசம் எண்ணிக்கலாம். பாதிப்பைத் தொட வேண்டாம், வாய்ப்பை மட்டும் ரெண்டாக்குங்க. குழுவுல ஒரு சிவப்பாவது குறையட்டும், நானும் மூச்சு விடணும் இல்லையா?"

மணி நாலரை. அவளுக்குக் காலையிலிருந்து தலைவலி. இன்னும் ஒன்பது வரிக்குப் பொறுப்பாளர்கள் பதில் அனுப்பவில்லை. நான்கை அழித்து இரண்டு என்று அடித்தாள். இருபது பத்தாகி, சிவப்பு மஞ்சளாகியது. அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். யாரும் அவளை மிரட்டவில்லை, ஆசை காட்டவும் இல்லை. அலுப்பில் செய்த காரியம், அவ்வளவுதான்.

மூன்று வாரம் கழித்துக் கிடங்குப் பொறுப்பாளர் போன் செய்தாள். முப்பது சொச்சம் வயது, எதையும் பூசி மெழுகாமல் பேசுகிற ஆள்.

"அக்கா, ஒரு நடை வந்துட்டுப் போங்க. பயிற்சிக்குப் புது சிஸ்டத்தைத் திறந்து பார்த்தேன். என் கிடங்கையே எனக்கு அடையாளம் தெரியல."

மதியச் சாப்பாடு முடிந்த கையோடு அவள் போனாள். கிடங்கில் குளிர்சாதனம் உறுமிக்கொண்டிருந்தது. தரையிலிருந்து கூரை வரை அட்டைப்பெட்டிகள், நடுவில் ஆள் ஒருக்களித்துப் போகிற அளவுக்கு வழி. வந்ததே வந்தோம், எண்ணிவிடுவோம் என்று கண்போன போக்கில் நூறு மருந்துகளைக் குறித்துக்கொண்டாள். பொறுப்பாளர் ஏணியில் ஏறி எண்ணிச் சொல்ல, அவள் கீழே நின்று திரையோடு ஒப்பிட்டாள்.

"இதய மாத்திரை. திரையில எவ்வளவு காட்டுது?"

"நாப்பது மாத்திரைப் பட்டை."

"இங்க நாப்பது பெட்டி இருக்கு. பெட்டிக்குப் பத்துப் பட்டை. நானூறு வரணும்."

நூறு முடிந்தபோது பத்தொன்பது ஒத்துப்போகவில்லை. பதிவேட்டில் அவள் எழுதியிருந்த எல்லை மூன்று. ஒரு பெட்டிமேலேயே உட்கார்ந்து, விவரங்களை ஏற்றிய ஆலோசகருக்குப் போன் போட்டாள்.

"ஒரு பெட்டியில எத்தனை பட்டைங்கற கட்டம் பழைய சிஸ்டத்துல நிறைய காலியா இருந்துச்சு மேடம்" என்றார் அவர். "காலியா விட்டா புது சிஸ்டம் தள்ளிடும். அதனால காலியா இருந்ததுக்கெல்லாம் ஒன்னுன்னு போட்டோம்."

"எத்தனை வரி?"

"எட்டாயிரத்து சொச்சத்துல ஓர் ஆயிரத்து அறுநூறு இருக்கும்."

"அதைத் தள்ளினதோட சேர்த்துச் சொல்லலையே நீங்க?"

"தள்ளலையே மேடம், ஏறிடுச்சே" என்றார் அவர், வெகு சாதாரணமாக.

அந்த ஒன்றரை சதவீதத்தின் லட்சணம் அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. இப்படியே புது சிஸ்டத்தைத் திறந்தால் அலமாரி கொள்ளாமல் மருந்து இருக்கும், ஆஸ்பத்திரி நூறு பட்டை கேட்டால் இருப்பு நாற்பதுதான் என்று சிஸ்டம் கையை விரிக்கும். குறைவாக இருக்கிறதென்று அதுவே புதிதாக வாங்கச் சொல்லும். இரண்டே நாளில் சரக்கு அனுப்புவதே நின்றுபோகும்.

ஏணியிலிருந்து இறங்கிய பொறுப்பாளர், இடுப்பில் செருகியிருந்த நோட்டை எடுத்து ஏதோ குறித்தாள்.

"அது என்னம்மா?"

"என் கணக்கு. எந்த சிஸ்டம் வந்தாலும் இதை மட்டும் விடறதா இல்லைக்கா."

மூன்றாவது அறிகுறி.

திட்ட மேலாளரிடம் அன்றைக்கே சொன்னாள். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "இப்ப மதிப்பெண்ணை ஏத்தினா, போன மாசம் ஏன் இறக்கினீங்கன்னு கேப்பாங்க. தேதிக்குப் பதினெட்டு நாள்தான் இருக்கு. தொடங்கிட்டு ஒவ்வொன்னா சரி பண்ணிக்கலாமே?"

"ஆயிரத்து அறுநூறையுமா சார்?"

முடியாத காரியம். அவருக்கும் தெரியும்.

சாயங்காலம் வீட்டில் கணவன் துணி மடித்துக்கொண்டிருந்தான். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். விடியுமுன் எழுந்து போகிறவனுக்கு ஏழு மணிக்கே கண் சொக்கிவிடும். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பனியனை எடுத்தாள்.

"நடந்ததைச் சொன்னா தப்பு பண்ணினது நானும்தான்னு வெளிய வரும்" என்றாள்.

"நீதானே மாத்தினே?"

"நான்தான்."

"அப்ப வரட்டுமே. பிரேக் பிடிக்கலைன்னு தெரிஞ்சும் வண்டி எடுக்க முடியுமா? நேத்து நான் சரியாப் பாக்கலைன்னு சொன்னா திட்டுவாங்க. திட்டினா திட்டிட்டுப் போறாங்க." இன்னும் ஏதோ சொல்ல வந்தவன், போர்வையைக் கையில் பிடித்தபடியே தூங்கிப்போனான். மிச்சத் துணியை அவள் மடித்தாள்.

குழுக் கூட்டத்தில் பதினேழாவது வரி பெரிய திரையில் வந்தது. இரண்டாவது மூன்றாவது அறிகுறிகள் கண்முன்னே நிற்கும்போது வாய்ப்பை நான்கில் வைப்பதும் பொய் என்று தோன்றியதால் ஐந்து போட்டிருந்தாள். ஐந்தை ஐந்தால் பெருக்கி இருபத்தைந்து. முதலாளியம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"போன மாசம் பத்து. இந்த மாசம் இருபத்தஞ்சு. நடுவுல என்ன ஆச்சு?"

திட்ட மேலாளர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பேரைச் சொல்லிவிட அவளுக்கு ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தை தொண்டைவரை வந்ததும் உண்மை.

"நடுவுல ஒன்னும் ஆகல மேடம். போன மாசமும் இதே நிலைமைதான். அறிகுறி மூணுல ஒன்னை மட்டும் பார்த்துட்டு நான் இறக்கினேன். அந்த ஒன்னையும் ஒழுங்கா விசாரிக்கல."

விற்பனைத் தலைவர்தான் முதலில் வாயைத் திறந்தார். "எல்லா ஆஸ்பத்திரிக்கும் தேதி சொல்லியாச்சு. நான் எந்த மூஞ்சியோட மறுபடி போய் நிக்கறது?"

முதலாளியம்மா அவரைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "உங்க மேல எனக்குக் கோபம் இருக்கு" என்றார் அவளிடம். "அதை அப்புறம் வச்சுக்கறேன். இப்ப என்ன செய்யணும்?"

அவள் எழுதிக்கொண்டு வந்ததைப் படித்தாள். ஆயிரத்து அறுநூறு மருந்துகளையும் அலமாரியில் பார்த்துப் பெட்டிக்கு எத்தனை பட்டை என்று எழுத வேண்டும். காலிக் கட்டத்துக்கு ஒன்று போடும் வேலையை நிறுத்தி மறுபடி ஒத்திகை ஏற்ற வேண்டும். மறுபடி நூறு எண்ண வேண்டும், மூன்றுக்கு மேல் போனால் தொடங்கக் கூடாது. கிடங்கின் ஆறு பேரோடு விற்பனையிலிருந்து நான்கு பேரைக் கொடுத்தால் ஆறு வாரத்தில் முடியும்.

மேலாளர் அப்போதுதான் தலைநிமிர்ந்தார். "இறக்கச் சொன்னது நான்தான் மேடம்" என்றார், மெதுவாக. அதை அவள் எதிர்பார்க்கவில்லை.

தேதி ஆறு வாரம் தள்ளிப்போனது. அவள் கோப்பில் ஓர் எச்சரிக்கைக் கடிதம் சேர்ந்தது, மேலாளர் கோப்பிலும் ஒன்று. கிடங்குப் பொறுப்பாளர் முகம் கொடுத்தே பேசவில்லை. "உங்களைக் கூப்பிட்ட வாய்க்கு இது வேணும். என் சனிக்கிழமை எல்லாம் போச்சு" என்று மட்டும் ஒரு நாள் சொன்னாள். சொன்னதில் தப்பில்லை. ரிஸ்க் அக்காவும் சனிக்கிழமைகளில் போய் ஏணிக்கடியில் நின்று எழுதினாள். முழங்கால் வீங்கி, வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டு மறுவாரமும் போனாள்.

இரண்டாம் தடவை எண்ணியதில் நூற்றுக்கு இரண்டுதான் ஒத்துப்போகவில்லை. இரண்டும் ஒத்திகை ஏற்றத்துக்குப் பிறகு வந்த சரக்கு. அதன் பிறகுதான் வாய்ப்பை இரண்டாக்கினாள். பக்கத்தில் எண்ணிய தேதி, எண்ணியவர், கிடைத்த எண்ணிக்கை எல்லாம் எழுதினாள்.

புது சிஸ்டம் ஒரு திங்கட்கிழமை காலையில் தொடங்கியது. ஒரு லேபிள் பிரின்டர் மக்கர் பண்ணியது. நான்கு பேர் கடவுச்சொல்லை மறந்தார்கள். மற்றபடி லாரிகள் வந்தன, ஏற்றின, போயின. வியாழக்கிழமை விற்பனைத் தலைவர் அவள் மேஜைப் பக்கம் நின்றார்.

"ஒன்னுமே ஆகலையேம்மா. இதுக்கா ஆறு வாரம் தள்ளிப்போட்டு ஊரைக் கூட்டினீங்க?"

ஏதாவது சொல்லலாம்தான். நடக்காத ஒன்றை அவருக்கு எப்படிக் காட்டுவது என்று யோசிப்பதற்குள் அவர் போய்விட்டார்.

அடுத்து வந்த மேலாளர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பதினேழை மூடிடலாமா?"

"மாசக் கடைசியில சரக்கை எண்ணிப் பாக்கற வேலை முடியட்டும் சார்."

"சரி" என்றார். எழுந்து போகவில்லை. அவள் பதிவேட்டை மூடிக் கணினியை அணைத்தாள்.

"வீட்டுக்குப் போங்க" என்றார் கடைசியில். "நானும் கிளம்பறேன்."

வெயில் தாழுமுன்னே அவள் பஸ் ஏறியது அந்த வருஷத்தில் அன்றைக்குத்தான். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. தன் நிறுத்தம் வந்ததும் போனதும் தெரியவில்லை. கண்டக்டர் தோளருகே நின்று, "அம்மா, கடைசி ஸ்டாப், எழுந்திரிங்க" என்றபோதுதான் விழித்தாள். வெளியே பழக்கமில்லாத தெரு. திரும்பி வருகிற பஸ் அரை மணி கழித்துத்தானாம். நிழற்குடையில் உட்கார்ந்து, கணவனுக்குப் போன் போட்டுத் தூங்கிவிட்டதைச் சொன்னாள். அவன் சிரித்த சிரிப்பில் அவளுக்கும் சிரிப்பு வந்தது. பஸ் வரும்வரை அங்கேயே இருந்தாள்.