அறுபத்தைந்து வாட்

புதுசு என்றுதான் அவனை நாங்கள் கூப்பிடுவோம். எங்கள் நெட்வொர்க் பிரிவுக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. பதினோரு வருடம் கேபிள் இழுத்த எனக்கு வராத பேர் அவனுக்கு ஆறே மாதத்தில் வந்துவிட்டது. காபி எடுக்கப் போனாலும் அவனைப் பற்றித்தான் பேச்சு. கேட்கக் கேட்க எனக்கு வயிறு எரியும்.

இந்த வாரம் டீம் லீடை முடிவு செய்கிறார்கள். நானா, அவனா. அதனால், கூட்ட அறையில் அவன் மாட்டிய புது வைஃபை பெட்டி திங்கட்கிழமை மக்கர் பண்ணியபோது, எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது.

பத்து மணிக்குக் கூட்டம் ஆரம்பித்தால் பத்தே நிமிடத்தில் வைஃபை போகும். இரண்டு மூன்று நிமிடத்தில் திரும்ப வரும், ஆனால் பாதி வேகத்தில் இழுக்கும். கூட்டம் முடிந்து நாங்கள் போய்ப் பார்த்தால் சமர்த்தாக முழு வேகத்தில் ஓடும். செவ்வாயும் அப்படியே.

"பெட்டி சரியில்ல போல. நீதான தேர்ந்தெடுத்த?" என்று மேனேஜர் எல்லார் முன்னாலும் அவனைக் கேட்டார்.

"ஆமா சார், என் தப்புதான்," என்றான் புதுசு. நான் கம்ப்யூட்டருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். சிரிப்பு வந்துவிடக் கூடாதே.

புதன்கிழமை காலை கூட்ட அறையின் கடைசி நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். அவன் விழுவதைக் கண்ணாரப் பார்க்கத்தான். படம் காட்ட விளக்கை அணைத்தார்கள். மூலையிலிருந்த இரண்டு கேமராவிலும் சின்னச் சின்ன சிவப்புப் புள்ளிகள் எரிந்தன. அடுத்த நொடி வைஃபை பெட்டியின் விளக்கு அணைந்தது.

என் சிரிப்பு அங்கேயே நின்றுபோனது. இருட்டினால் கேமரா தன் அகச்சிவப்பு விளக்கைப் போட்டுக்கொள்ளும், கூடுதலாக மின்சாரம் இழுக்கும். கேமரா, மேசை போன், வைஃபை பெட்டி எல்லாவற்றின் நெட்வொர்க் கேபிளும் வந்து சேர்வது ஒரே ஸ்விட்சில்; கேபிள் வழியாகவே மின்சாரம் கொடுப்பதும் அதுதான். மூன்று வருடத்துக்கு முன் அந்த ஸ்விட்சைத் தேர்ந்தெடுத்து வாங்கியது நான்.

ஸ்விட்ச் அறைக்குப் போய்க் கணக்குப் போட்டேன். ஐந்து கேமரா இருபத்தைந்து வாட். இரண்டு போன் எட்டு. நிறைய பேர் சேர்ந்தால் புதுப் பெட்டி இருபத்தைந்து. மொத்தம் ஐம்பத்தெட்டு. அறை இருட்டினால் அந்த இரண்டு கேமராவுக்கும் நான்கு நான்கு கூடும், அறுபத்தாறு. ஸ்விட்ச் எல்லாவற்றுக்குமாகக் கொடுக்கக்கூடியது அறுபத்தைந்து. மிஞ்சினால், கேபிள் செருகும் போர்ட்டுகளில் கடைசியானதை வெட்டிவிடும். அங்கேதான் பெட்டி இருந்தது. மறுபடி எழும்போது அது கேட்கும் இருபத்தைந்து மிச்சமில்லாததால் ஸ்விட்ச் பதினைந்துதான் தரும். பெட்டி பாதி ஆன்டெனாவை மூடிவிட்டு நொண்டும். விளக்கைப் போட்டால் கேமரா அடங்கும், பெட்டிக்கு முழுசாகக் கிடைக்கும்.

எட்டு போர்ட்டிலும் பவர் வரும் என்று பார்த்து வாங்கினேன். எட்டுக்கும் சேர்த்து எத்தனை வாட் என்று பார்க்கவில்லை.

ஸ்விட்சின் பதிவேட்டைத் திறந்தேன். பவர் மிஞ்சியது, எட்டாவது போர்ட் நிறுத்தப்பட்டது என்று வரி வரியாக இருந்தது. இதே பக்கத்தைத் திங்கட்கிழமை மதியமே ஒருவன் திறந்து பார்த்ததும் அதில் பதிவாகியிருந்தது. புதுசு.

நேராக அவனிடம் போனேன். "திங்கக்கெழமையே உனக்குத் தெரியுமா?"

அவன் தயங்கினான். "தெரியும்க்கா. இன்ஜெக்டருக்கு எழுதிப் போட்டிருந்தேன், இப்பதான் வந்துச்சு. அத நடுவுல மாட்டினா பெட்டிக்குத் தனியா கரன்ட் போயிடும், ஸ்விட்சுக்குச் சுமை இல்ல."

"அத மேனேஜர் கிட்ட சொல்ல வேண்டியதுதான?"

"லீட் முடிவாகுற வாரம். உங்க ஸ்விட்சுன்னு நான் போய்ச் சொன்னா நல்லாவா இருக்கும்? நானும் மாட்டுறதுக்கு முன்னாடி வாட்ட பார்த்திருக்கணும்."

அவனை அறைந்துவிடலாம் போலிருந்தது. கெட்டிக்காரன் என்ற பேரை வாங்கினான், பொறுத்துக்கொண்டேன். நல்லவன் என்ற பேரும் அவனுக்கேவா? அதுவும் என்னைக் காப்பாற்றியா?

இன்ஜெக்டரை அவன் கையிலிருந்து பிடுங்கி நானே மாட்டினேன். ஸ்விட்சில் எட்டாவது போர்ட்டின் பவரை நிறுத்தினேன். விளக்கை அணைத்துப் பார்த்தேன். கேமராக்கள் சிவந்தன, பெட்டி அசையவில்லை. வேகமும் முழுசாக இருந்தது.

பிறகு மேனேஜர் அறைக்குப் போனேன். "பெட்டியில ஒண்ணும் இல்ல சார். ஸ்விட்சு பத்தல. அது நான் வாங்கினது. அவனுக்குத் திங்கக்கெழமையே தெரியும், எனக்காகத்தான் வாயத் தொறக்கல."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அப்ப லீட யாருக்குக் குடுக்கலாம்? நீயே சொல்லேன்."

கண்ணாடிச் சுவருக்கு அப்பால் புதுசு ஏணியை மடக்கிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்துச் சிரித்தான். வயிறு எரிந்தபடியே அவன் பேரைச் சொன்னேன்.