மூன்று முறை அலசிய ஈஸ்ட்

"குமரி மாவட்டத்துல இன்னைக்கு வரைக்கும் பசின்னா என்னன்னு ஒருத்தனும் கண்ணால பாத்ததில்ல. நான்தான் மொதல்ல பாக்கப்போறேனாக்கும்."

இரணியலிலிருந்து வரும் ஹரிகுமார் இதை எங்கள் உயிரித்தொழில்நுட்ப ஆய்வகத்தில் நின்றபடி, ஆளுநர் உரை போல அறிவித்தான். யாரும் சிரிக்கவில்லை. மறுநாள் வெளித் தேர்வாளர் வருகிறார். எம்.எஸ்ஸி. இறுதி ஆய்வில் ஆளுக்கொரு மாதிரியை நுண்ணோக்கியில் நேரில் காட்ட வேண்டும். காட்டாதவன் அடுத்த வருஷமும் இதே படிக்கட்டில் ஏறலாம்.

காட்ட வேண்டியது இதுதான். செல்லுக்குள் டார் என்றொரு புரதம் இருக்கிறது; மனிதச் செல்லில் இருக்கும் எம்டாரின் ஈஸ்ட் சொந்தக்காரர். அமினோ அமிலம் தாராளமாகக் கிடைக்கும்வரை அவர் "கட்டு, வளர், பெருகு" என்று உத்தரவு போட்டுக்கொண்டே இருப்பார். பழைய சாமான்களை உடைக்கும் ஆட்களை எழும்பவே விடமாட்டார். சாப்பாடு நின்றால் டார் அடங்குவார். உடனே செல் தன் சொந்தச் சரக்கையே சவ்வுப் பையில் பொதிந்து வாக்குவோல் என்னும் அறைக்கு அனுப்பி, சிதைத்து, கிடைக்கும் அமினோ அமிலத்தில் நாளை ஓட்டும். வாக்குவோலின் நொதிகளை ஒரு மருந்தால் முடக்கிவிட்டால் பைகள் கரையாமல் உள்ளே சேரும். சாதாரண நுண்ணோக்கியிலேயே அவை துள்ளுவதைப் பார்க்கலாம்.

பேக்கரியில் வாங்கிய ஈஸ்ட்டை இருவர் சத்தான சாற்றில் வளர்த்திருந்தார்கள். ஹரிகுமார் ஒருவன். மார்த்தாண்டத்து ரெஜிலா மற்றவள். அமினோ அமிலம் செய்ய நைட்ரஜன் வேண்டும்; இனி ஈஸ்ட்டை அது இல்லாத கரைசலுக்கு மாற்றிப் பட்டினி போட வேண்டும்.

ரெஜிலா ஈஸ்ட்டைச் சுழற்சி இயந்திரத்தில் சுற்றி அடியில் படியவைத்து, மேலிருந்த சாற்றை ஒட்ட வடித்து, புதுக் கரைசல் ஊற்றிக் கலக்கி, மறுபடியும் சுற்றினாள். பிறகு இன்னொரு தடவை. அதற்குப் பிறகும் ஒரு தடவை.

"ஏட்டி, ஈஸ்ட்டுக்கு அபிஷேகமா நடத்துதே? பொட்டு வச்சு, மாலையும் போட்டுரு."

"ஒன் ஜோலியப் பாருலே."

ஹரிகுமார் தன் ஜோலியைப் பார்த்தான். சாற்றை ஒருமுறை சாய்த்தான். ஈஸ்ட்டும் சேர்ந்து போய்விடுமோ என்று பயந்து அடியில் நன்றாகவே மிச்சம் விட்டான். "வீட்டுக்கு வந்தவன வெறும் வயித்தோட அனுப்புத பழக்கம் நம்ம குடும்பத்துல இல்ல" என்று சொல்லி, அதன் மேலேயே புதுக் கரைசலை ஊற்றினான். இருவரும் மருந்தைச் சேர்த்துவிட்டு மதியம்வரை காத்திருந்தார்கள்.

எங்கள் நுண்ணோக்கியின் ஒரு கண்ணில் கடல் காற்றின் உபயத்தால் பூசணம் பிடித்திருக்கும். மற்றக் கண் போதும். ரெஜிலாவின் கண்ணாடித் தகட்டை முதலில் பார்த்த துறைத்தலைவர் ஸ்மைலின் மேடம் நிமிரவே இல்லை.

"என்ன மேடம்?"

"நீங்களே வந்து பாருங்க."

வரிசையில் நின்று பார்த்தோம். ஒவ்வொரு செல்லிலும் பெரிய வட்டம். அதற்குள் சின்னஞ்சிறு உருண்டைகள் ஓயாமல் துள்ளிக்கொண்டிருந்தன. ஒரு செல் தன்னைத்தானே சாப்பிட்டுப் பிழைப்பதை இந்தப் பூசணக் கண்ணாடியில் பார்க்கிறோம் என்றால், நெஞ்சு கொஞ்சம் விரியத்தான் செய்கிறது. அலுவலக உதவியாளர் ராஜபாய் அண்ணன்கூட எட்டிப் பார்த்துவிட்டு, "நம்ம காலேஜுல உள்ளதா இது?" என்று கேட்டார். "நம்மளோடதுதான் அண்ணே" என்று பத்துப் பேர் ஒரே குரலில் சொன்னோம்.

அடுத்தது ஹரிகுமாரின் தகடு. வாக்குவோல்கள் கண்ணாடி போல் வெறுமையாக இருந்தன. ஒரு உருண்டையும் இல்லை. முக்கால்வாசிச் செல்களில் மொட்டு முளைத்திருந்தது.

"ஹரி, ஒன் ஈஸ்ட்டு பட்டினி கிடக்கல. பிள்ள பெத்துக்கிட்டிருக்கு," என்றார் மேடம். "சாறு மிச்சம் கிடந்தா டார் எப்பிடி அடங்கும்?"

"அது நாஞ்சில் நாட்டு ஈஸ்ட்டு மேடம். எங்கயாச்சும் பந்தியப் புடிச்சிரும்."

மேடம் சிரிக்கவில்லை. "நாளைக்கு மத்தியானம் தேர்வாளர் பந்தியப் பாக்க வரல."

"நான் செஞ்சதப் பாத்துக்கிட்டுத்தானே நின்ன மக்கா?" என்றாள் ரெஜிலா. "சாறோட மணம் போகணும். அதுக்குத்தான் அந்த அபிஷேகம்."

"ஒரு தடவ போதும். ஒனக்கு இது ராசி, அவ்வளவுதான்," என்றான் அவன். அப்போதும் முகத்தில் ஆளுநர் களை குறையவில்லை.

மறுநாள் காலை, முதல் பேருந்தில் வந்த ரெஜிலாவும் நானும் ஆய்வகக் கதவருகே நின்றுவிட்டோம். உள்ளே சுழற்சி இயந்திரம் ஓடி அடங்கியது. ஹரிகுமார் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். கடைசிச் சொட்டுவரை வடித்தான். மூக்கருகே கொண்டுபோய் மோந்தான். முகம் சுளித்தான். புதுக் கரைசல் ஊற்றிக் கலக்கினான். மறுபடியும் இயந்திரத்தில் வைத்தான்.

"எத்தனாவது தடவலே?" என்றாள் ரெஜிலா.

அவன் திரும்பவில்லை. மூன்று விரலைக் காட்டினான். சற்று யோசித்து, நான்காவதையும் நீட்டினான்.