ஐம்பது சொற்களில் ஒரு விளையாட்டு விழா

எட்டாம் வகுப்பு மொழியாசிரியைக்கு அன்று காலை வந்த கோபம் சாதாரணக் கோபமில்லை. தலைமையாசிரியர் தன் அறையில் எல்லார் முன்னாலும், "உங்க வகுப்புப் பொண்ணு ஃபோர்ஜரி பண்ணியிருக்கா" என்று சொல்லிவிட்டார். பதிமூன்று வயதுப் பிள்ளையைப் பார்த்துச் சொல்கிற வார்த்தையா அது?

நடந்தது இவ்வளவுதான். போன வாரம் ஆசிரியை அறிவிப்பு எழுதுவதற்கு ஒரு பயிற்சித்தாள் கொடுத்திருந்தார். 'நீ உன் பள்ளியின் விளையாட்டுச் செயலர். ஆண்டு விளையாட்டு விழாவை அறிவித்து, ஐம்பது சொற்களுக்கு மிகாமல் ஓர் அறிவிப்பு எழுதுக.' கட்டம் போட வேண்டும். மேலே பள்ளியின் பெயர், அதன் கீழே 'அறிவிப்பு', தேதி, தலைப்பு. உள்ளே என்ன, எப்போது, எங்கே, யாருக்கு, பெயர் கொடுக்கக் கடைசி நாள், யாரிடம் கொடுப்பது. அடியில் கையெழுத்து, பெயர், பதவி. வடிவத்துக்கு இரண்டு மதிப்பெண், விவரத்துக்கு இரண்டு, மொழிக்கு ஒன்று. வருஷா வருஷம் இதே தாள்தான். பள்ளியில் விழா நின்று மூன்று வருஷமாகிறது. தாளில் மட்டும் ஒரு வருஷம்கூடத் தவறாமல் நடக்கிறது.

மைதானம் இருந்தால்தானே விழா? தலைமையாசிரியரின் மச்சான் பள்ளிச் சுவருக்கு அந்தப் பக்கம் வீடு கட்டுகிறார். ஒரே மாதம் என்று இறக்கிய செங்கல்லும் மணலும் மூன்று வருஷமாக ஓடுபாதையின் மேலேயே படுத்துக் கிடக்கின்றன. விளையாட்டு வாத்தியார் கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு, விளையாட்டு வேளைகளில் பிள்ளைகளை வகுப்பிலேயே உட்காரவைத்துக் கணக்குப் போடச் சொல்கிறார். ஆசிரியர் அறையில் எல்லாருக்கும் இது தெரியும். யாரும் வாயைத் திறந்ததில்லை. இந்த ஆசிரியையும்தான்.

வகுப்புத் தலைவியை எல்லாரும் 'புயல்' என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கு ஒருநாளும் நடந்து வந்தவளில்லை. தெருமுனையில் தொடங்குகிற ஓட்டம் வகுப்பு வாசலில்தான் நிற்கும். ஐந்தாம் வகுப்பில் நூறு மீட்டரில் இரண்டாவதாக வந்தவள். அதற்குப் பிறகு ஓடுவதற்குப் பந்தயமே வரவில்லை. எட்டோடு இந்தப் பள்ளி முடிகிறது. இந்த வருஷம் ஓடாவிட்டால் இங்கே இனி ஓடவே முடியாது.

பயிற்சித்தாளை அவள் அச்சுப் பிசகாமல் எழுதியிருந்தாள். ஒரே ஒரு இடம்தான் உதைத்தது. 'இடம்: பள்ளி மைதானம்' என்று எழுதி, பக்கத்தில் 'செங்கற்குவியலை அகற்றிய பிறகு' என்றும் சேர்த்திருந்தாள். ஆசிரியை சிவப்பு மையால் அந்த மூன்று சொற்களையும் அடித்து, 'தேவையற்ற விவரம்' என்று ஓரத்தில் குறித்து, ஒரு மதிப்பெண் குறைத்து, ஐந்துக்கு நான்கு போட்டார். அப்படியும் வகுப்பிலேயே அதுதான் அதிகம்.

நன்றாக எழுதிய தாளை வெள்ளைத் தாளில் திருத்தி எழுதி வகுப்புச் சுவரில் ஒட்டுவது அவர் வழக்கம். புயலும் எழுதினாள். விழா இருபத்தொன்றாம் தேதி சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு. பெயர் கொடுக்கப் பன்னிரண்டாம் தேதி கடைசி. விளையாட்டு ஆசிரியரிடம் கொடுக்கவும். கசங்காமல் இருக்கட்டும் என்று தாளை வருகைப் பதிவேட்டுக்குள் வைத்தவள், மணி அடித்ததும் பதிவேட்டை வழக்கம்போல அலுவலகத்தில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

எழுத்தர் பதிவேட்டைத் திறந்தார். தேதி, தலைப்பு, கையெழுத்து எல்லாம் கச்சிதமாக ஒரு அறிவிப்பு. மேலிடத்திலிருந்து வந்ததாக நினைத்து முத்திரை குத்திக் கையெழுத்துக் கோப்பில் செருகினார். தலைமையாசிரியர் அந்தக் கோப்பில் எதையும் படித்துப் பார்க்கிற பழக்கமில்லாதவர். பேனா போன இடமெல்லாம் கையெழுத்து. பியூன் அதை வகுப்பு வகுப்பாக எடுத்துப் போக, அந்தந்த ஆசிரியர் உரக்கப் படித்தார். மாலைக்குள் விளையாட்டு வாத்தியார் கையில் நூற்று நாற்பது பெயர்கள்.

"அவளே செயலர்னு போட்டு கையெழுத்து வச்சிருக்கா பாருங்க. யாரு இவளைச் செயலர் ஆக்கினது?" என்றார் மறுநாள் காலை தலைமையாசிரியர்.

"பயிற்சித்தாள், சார்" என்றார் ஆசிரியை. "பாடத்துல இருக்குறது. அவ கையெழுத்துக்குக் கீழ இருக்குறது உங்க கையெழுத்து. அதை யாரு போட்டாங்க?"

எழுத்தர் தரையைப் பார்த்தார். விளையாட்டு வாத்தியார் விசிலைத் தடவிக்கொண்டார்.

"வாதம் பண்ணாதீங்கம்மா. அவ மன்னிப்புக் கடிதம் எழுதணும். இல்லேன்னா நன்னடத்தைச் சான்றிதழ்ல ஒரு வரி போட்டுடுவேன். அந்த ஒரு வரியோட எந்த உயர்நிலைப் பள்ளியில இடம் கிடைக்கும்னு பாப்போம். விழா ரத்துன்னு நீங்களே ஒரு அறிவிப்பு எழுதிக் கொண்டாங்க."

வெளியே வராந்தாவில் புயல் நின்றுகொண்டிருந்தாள். அவ்வளவும் காதில் விழுந்திருக்கிறது. "டீச்சர், நான் வேணும்னு வைக்கல" என்றாள். மூன்று வருஷமாக அந்தக் கால்களைக் கட்டிப்போட்டவர்கள் இப்போது பெயரையும் கெடுக்கப் பார்க்கிறார்களே என்று ஆசிரியைக்குப் பொறுக்கவில்லை.

வகுப்புக்குப் போய் எழுதாத பயிற்சித்தாள் ஒன்றையும் புயலின் பழைய தாளையும் எடுத்துக்கொண்டு திரும்பினார். வெற்றுத்தாளைத் தலைமையாசிரியர் மேஜைமேல் வைத்தார்.

"ரத்து அறிவிப்பை நீங்களே எழுதுங்க சார். கட்டம் போட்டு, தேதி போட்டு. ஒண்ணு மட்டும் மறந்துடாதீங்க. விழாவை ரத்து பண்ணா காரணம் எழுதணும். பிள்ளைங்களுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கேன். காரணம் இல்லேன்னா அரை மார்க் குறைப்பேன்."

"என்னம்மா, நையாண்டியா?"

"நூத்தி நாப்பது பேரு வீட்டுல போய்ச் சொல்லியாச்சு. நாளைக்கு அப்பா அம்மா வந்து ஏன்னு கேப்பாங்க. எதைச் சொல்லப் போறீங்க?"

அவர் பேனாவை எடுத்தார். 'தவிர்க்க முடியாத' என்று எழுதினார். ஜன்னல் வழியாகக் குவியல் தெரிந்தது. அடித்தார். 'மைதானம்' என்று எழுதினார். அதையும் அடித்தார். ஐம்பது சொற்கள் வேண்டாம், ஐந்து சொற்கள் போதும், அதுகூட வரவில்லை. அறையில் ஒருவரும் உதவிக்கு வரவில்லை.

ஆசிரியை புயலின் தாளை விரித்துக் காட்டினார். "இந்தப் பிள்ளை மூணே சொல்லுல எழுதிடுச்சு, சார். நான்தான் அடிச்சேன்."

தலைமையாசிரியர் சிவப்பு மைக்கு அடியில் இருந்த அந்த மூன்று சொற்களைப் படித்தார். அவர் முழுசாகப் படித்த முதல் தாள் அதுவாகத்தான் இருக்கும். பிறகு மூன்று வருஷமாக வாய் திறக்காத விளையாட்டு வாத்தியார் மெல்லச் சொன்னார்: "ஒரு லாரி ரெண்டு நடை அடிச்சாப் போதும், சார். சுண்ணாம்புக் கோடு நான் போட்டுக்கறேன்."

தலைமையாசிரியர் தொலைபேசியை எடுத்து மச்சானைக் கூப்பிட்டார். மன்னிப்புக் கடிதத்தைப் பற்றி அதன்பின் யாரும் பேசவில்லை. அவளிடம் மன்னிப்புக் கேட்கவும் யாருக்கும் தோன்றவில்லை. அந்த ஆத்திரம் ஆசிரியைக்கு ஆறவேயில்லை. எல்லாவற்றையும்விடத் தன் மேல்தான் அதிகம். குவியலைப் பற்றி இந்தப் பள்ளியில் எழுத்தில் சொன்ன ஒரே ஆள் அவள். அதற்கு இவர் ஒரு மதிப்பெண்ணைப் பிடுங்கியிருந்தார்.

வராந்தாவில் தாளைச் சுவரில் வைத்து, நான்கை அடித்து ஐந்து என்று எழுதினார். 'தேவையற்ற விவரம்' என்பதிலிருந்து 'யற்ற' என்ற துண்டையும் அடித்து, மேலே 'யான' என்று எழுதி, அவளிடம் கொடுத்தார்.

"நான் அடிச்சது தப்பு" என்றார்.

புயல் மதிப்பெண்ணைப் பார்க்கவில்லை. "அப்போ பன்னெண்டாம் தேதிக்குள்ள பேரு கொடுக்கணும்ல, டீச்சர்?" என்றாள்.

"நீ இன்னும் கொடுக்கலையா?"

"நடக்காதுன்னு நினைச்சேன்" என்றாள் அவள். சொல்லிவிட்டு விளையாட்டு வாத்தியாரைத் தேடி ஓடினாள்.