காலி டப்பா

சோறு வடித்தாயிற்று, குழம்பு இறக்கியாயிற்று, பொரியலும் தயார். போட்டு அனுப்பத்தான் டப்பா இல்லை.

ஒவ்வொரு வாடிக்கைக்கும் இரண்டு எவர்சில்வர் டப்பா என்று கணக்குப் போட்டுத்தான் அவள் வாங்கியிருந்தாள். ஒன்று நிறைந்து போகும்போது முந்தைய நாளின் காலி திரும்பி வர வேண்டும். சேமிப்பில் பெரிய அடுப்புக்கும் பாத்திரங்களுக்கும் போக மிச்சமெல்லாம் அந்த டப்பாக்களாகத்தான் மாறியிருந்தது. வீட்டுச் சாப்பாடு அனுப்பும் தொழில் தொடங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் பாதி டப்பா ஊரார் மேசைகளில் கிடந்தது. மறுபடி வாங்கக் கையில் ஒன்றும் இல்லை.

“பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாறிடலாமே அண்ணி,” என்றாள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த நாத்தனார்.

“தினம் ஒண்ணு தூக்கிப் போட்டா, அந்தச் சாப்பாட்டுல நமக்கு நிக்கிற காசும் அதோட சேர்ந்து குப்பைக்குத்தான் போகும்.”

கணவன் சட்டைக் கைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தான். வீடு வீடாக, ஆபீஸ் ஆபீஸாகக் கொண்டுபோய்க் கொடுப்பது அவன் வேலை. அச்சகம் ஒன்றில் மேற்பார்வையாளராக இருந்தவன். அச்சகத்தை மூடிவிட்டார்கள். இஸ்திரி போடாத சட்டையில் அவன் இன்னும் வெளியே போவதில்லை.

“மூணாவது மாடி ஆபீஸ்ல இருந்து இந்த வாரம் ஒரு டப்பாகூட வரலை. கேட்டீங்களா?”

“கேட்டேன். தரேன்னாங்க.”

“யாரு?”

“அங்க இருக்கிறவங்கதான்.”

நாத்தனார் தலை நிமிராமல் சொன்னாள்: “அண்ணன் கேட்டிருக்காது அண்ணி. சின்ன வயசுலயே கடையில மீதிச் சில்லறை கேக்காம வந்துடும். அம்மா என்னைத்தான் திருப்பி ஓட்டும்.”

“உன் வாய்க்கு ஒரு மூடி போடணும்டி.”

“மூடி கிடைச்சா முதல்ல டப்பாவுக்குப் போடுண்ணா.”

இருந்த டப்பாக்களை நிரப்பிவிட்டு, மிச்சத்தை வீட்டுத் தூக்குகளிலும் சம்படங்களிலும் அடைத்துத் துணி சுற்றிக் கட்டினாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு அவனோடு ஸ்கூட்டரில் ஏறினாள்.

மூன்றாவது மாடியில் அவன் வேகமாகப் போனான். வரவேற்பு மேசைப் பெண் நிமிர்வதற்குள் பையை அங்கே வைத்துவிட்டுத் திரும்பினான்.

“போலாம்,” என்றான்.

“காலி?”

“நாளைக்குப் பாத்துக்கலாம்.”

“நாளைக்குச் சோத்தைக் கையில ஏந்திட்டா வருவீங்க?”

அவன் அவளைப் படிக்கட்டு ஓரமாக அழைத்துப் போனான். “இவங்க நோட்டீசெல்லாம் நம்ம பிரஸ்லதான் அடிச்சாங்க. நான் அச்சு மாதிரி எடுத்துட்டு வந்தா உள்ள கூப்பிட்டு உக்கார வெச்சு டீ குடுப்பாங்க. அவங்ககிட்டயே போய் எச்சில் டப்பாவைக் குடுங்கன்னு நிக்கணுமா?”

“சாப்பாடு கொண்டு வர்றதுக்கு மட்டும் கூச்சம் இல்லையா?”

“அது குடுக்கறது. இது கேக்கறது.”

“இன்னைக்கு வெறுங்கையோட போனா நாளைக்கு அடுப்பு பத்த வைக்க வேண்டாம்,” என்றாள்.

அவன் சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டான். பிறகு உள்ளே போய், வரவேற்புப் பெண்ணிடம், காலி டப்பாக்களை எங்கே வைக்கிறார்கள் என்று கேட்டான்.

“அப்பாடா. எடுத்துட்டே போக மாட்டேங்கறீங்களேன்னு நாங்களே பேசிட்டிருந்தோம். வாடை தாங்கலை.”

கை கழுவும் தொட்டிக்கு அடியில் டப்பாக்கள் அடுக்கிக் கிடந்தன. பாதிக்கு மூடி இல்லை. மேசைமேல் இருந்த ஒன்றில் பேனாக்கள் நின்றன. ஜன்னலோரம் இன்னொன்றில் மண் போட்டு யாரோ ஒரு செடி வைத்திருந்தார்கள். அவள் செடியைப் பெயர்த்து ஒரு காகிதத்தில் வைத்துவிட்டு, டப்பாவைக் கையோடு கொண்டுவந்த சாக்கில் போட்டாள்.

கணக்காளர் எட்டிப் பார்த்தார். “அட, பிரஸ் சார். நீங்களா கொண்டு வர்றீங்க? உக்காருங்க.”

“உக்கார நேரமில்லை சார், இன்னும் போக வேண்டியது இருக்கு. உங்க டப்பா?”

“ரெண்டும் வீட்டுல இருக்கு. எங்க வீட்டம்மா பருப்பு போட்டு வெச்சுட்டா. நல்ல கனமான டப்பா.”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவனும் பாதி சிரித்தான். “காலி வந்தாத்தான் சார் அடுத்த சாப்பாடு,” என்றான்.

கணக்காளரின் முகம் சுருங்கியது. “ஒரு டப்பாவுக்கா இவ்வளவு கறார்? அப்ப நாளையில இருந்து எனக்கு வேண்டாம்.”

அவன் மனைவியைப் பார்த்தான். அவள் மூடிகளைத் தேடிக்கொண்டிருந்தாள்.

“சரி சார்,” என்றான் அவன். “டப்பாவை மட்டும் குடுத்துடுங்க.”

சாக்கு படிக்கு ஒரு தடவை கலகலத்தது. கீழே வந்து அதை ஸ்கூட்டரில் வைத்தார்கள்.

“ஒரு வாடிக்கை போச்சு,” என்றான்.

“போச்சு.”

“இத்தனை நாள்ல ஒருநாள்கூட வேண்டாம்னு சொல்லாத ஆளு.”

“அவர் வீட்டுல பருப்பு தீரட்டும். டப்பா வரும்.”

அடுத்தது ஒரு தையல்கூடம். அங்கே அவள் வண்டியை விட்டு இறங்கவில்லை. அவன் பையோடு போய் வாசலிலேயே நின்றான். பையைக் கீழே வைக்காமலேயே, “நேத்து டப்பா,” என்றான். குரல் தேவைக்கு மேல் உரக்க வந்துவிட்டது. தைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் இயந்திரத்தை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார்கள்.