அப்பா போட்ட இதயங்கள்

முகம் தெரியாத ஒருவனைத் தொலைத்துக்கட்ட இவ்வளவு பாடுபட வேண்டியிருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. வீடியோ ஆப்பில் அவன் வைத்துக்கொண்ட பெயர் 'உள்ளதைச் சொல்பவன்'. படம் கிடையாது, பதிவு கிடையாது. எங்கள் குருவியின் வீடியோக்களுக்குக் கீழே வந்து அவள் உயிரை வாங்குவது ஒன்றுதான் அவனுக்கு வேலை.

குருவி என் தங்கை. அது அப்பா வைத்த செல்லப்பெயர். அவளுக்குப் பேச்சு திக்கும். மருந்துக் கிடங்கில் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டும் வேலையைத் தேடிப் பிடித்துச் சேர்ந்தாள், அங்கே யாரோடும் பேச வேண்டியதில்லை என்பதற்காகவே. அப்படிப்பட்டவள் ஒருநாள் போனை டம்ளரில் சாய்த்து வைத்து, ஒரு குழந்தைக் கதையைச் சத்தமாக வாசித்து, திக்கிய இடங்களை வெட்டாமல் அப்படியே ஆப்பில் ஏற்றிவிட்டாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆனால் திக்கும் பிள்ளைகளின் அம்மாக்கள் ஒவ்வொருவராக வந்து எழுத ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு வீடியோவுக்கும் முதல் இதயம் அப்பா போடுவார். அதைப் பார்த்த பிறகுதான் அவள் சாப்பாட்டுத் தட்டு முன்னால் உட்காருவாள்.

நல்லவர்கள் வந்த வழியிலேயே மற்றவர்களும் வந்தார்கள். எனக்கு வாய் நீளம், கோபம் அதைவிட நீளம். அதனால் காவல் வேலை என் தலையில் விழுந்தது. 'திக்குவாய்', 'ஊமை' என்று கேவலமான சொற்களையெல்லாம் வடிகட்டும் பட்டியலில் போட்டேன். அந்தச் சொற்கள் உள்ள கருத்துகள் தானாக மறைந்தன. நடுவில் புள்ளி வைத்து எழுதினார்கள். அதையும் சேர்த்தேன். மிஞ்சியவர்களை பிளாக் செய்தேன், புகார் கொடுத்தேன். சில கணக்குகள் நீக்கப்பட்டன, சிலவற்றுக்கு 'விதிமுறை மீறல் இல்லை' என்று பதில் வந்தது. விதிமுறை எழுதினவன் வீட்டுப் பெண்ணை இப்படிச் சொன்னால் தெரியும் சேதி.

உள்ளதைச் சொல்பவன் மட்டும் எதிலும் சிக்கவில்லை. முதலில் அவனை மியூட் செய்துவிட்டு, ஒழிந்தான் என்று காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மியூட் செய்தால் அவன் போடும் பதிவுகள் நம் கண்ணில் படாது, அவ்வளவுதான். நம் வீடியோவுக்குக் கீழே அவன் எழுதுவதை அது தடுக்காது என்று பிறகுதான் உறைத்தது. வடிகட்டியும் உதவவில்லை. அவன் கெட்ட வார்த்தையே எழுதுவதில்லை. 'முதலில் பேசக் கற்றுக்கொள், பிறகு கதை சொல்லலாம்.' 'உன் வீட்டார் வெளியில் தலைகாட்ட வேண்டாமா?' இதில் எந்தச் சொல்லை வடிகட்டுவது? ஆத்திரத்தில் 'பேச' என்பதையே பட்டியலில் போட்டேன். 'என் மகன் இப்போது பேச ஆரம்பித்திருக்கிறான்' என்று ஒரு தாய் எழுதியதும் சேர்ந்து மறைந்துபோனது. குருவி அதைக் கண்டுபிடித்து, என்னைத் திட்டிவிட்டு, அந்தச் சொல்லை எடுத்தாள். அவனை பிளாக் செய்யவும் விடவில்லை. செய்தால் நாம் பயந்துவிட்டோம் என்று நினைப்பானாம்.

அப்போதுதான் குழந்தைகள் நூலகம் ஒன்று, சனிக்கிழமை நேரில் வந்து கதை வாசிக்க முடியுமா என்று அவளைக் கேட்டது. முடியும் என்று எழுதிவிட்டு, வெட்கத்தில் முகம் சிவக்க, அதை ஒரு வீடியோவில் சொன்னாள். அதற்குக் கீழே அவன் எழுதினான்: 'நேரில் சிரிப்பவர்களை பிளாக் செய்ய முடியாது.'

குருவி போனை என் கையில் வைத்துவிட்டு, போகப்போவதில்லை என்றாள். அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை. நான் அவளைக் கேட்காமலே பிளாக் பொத்தானை அழுத்தினேன். இந்தக் கணக்கை மட்டுமா, அல்லது இவருடைய மற்ற கணக்குகளையும் இனி தொடங்கப்போகும் கணக்குகளையும் சேர்த்தா என்று ஆப் கேட்டது. பூண்டோடு ஒழியட்டும் என்று இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். மனசு நிறைந்தது.

கெஞ்சிக் கூத்தாடி, மறுநாள் அவளைப் புதிதாக ஒரு வீடியோ போட வைத்தேன். இதயங்கள் வந்தன. அப்பாவுடையது வரவில்லை. பழைய வீடியோக்களைப் புரட்டினாள். அங்கே இருந்த அவருடைய இதயங்களும் இல்லை.

"அப்பாவுக்கு எ-எ-என்மேல கோபமாக்கா?" என்று கேட்டாள்.

அவள் போனில் அப்பாவின் பெயரைத் தேடினேன். அப்படி ஒருவரே இல்லை. என் போனில் தேடினேன், மூக்குக்கண்ணாடியோடு சிரித்துக்கொண்டிருந்தார். நேற்று நான் தேர்ந்தெடுத்த 'மற்ற கணக்குகள்' நினைவுக்கு வந்தது. ஆப்பில் கோளாறு, சரிசெய்கிறேன் என்று அவள் போனை வாங்கி வைத்துக்கொண்டு, அவளை வேலைக்கு அனுப்பிவிட்டு, உள்ளதைச் சொல்பவன் மீதிருந்த தடையை எடுத்தேன். தேடலில் அப்பா திரும்பி வந்தார். தடையை மறுபடி போட்டேன். அப்பா போனார். கடவுளே, வேண்டாம் என்று வாய்விட்டே சொன்னேன். தடையை எடுத்துவிட்டுக் கடைக்கு நடந்தேன்.

எங்களுடையது மூக்குக்கண்ணாடிக் கடை. அப்பா பின்னறையில் லென்ஸ் தேய்ப்பார், வாடிக்கையாளர்களிடம் பேசுவது நான். அவர் எதையும் பெயர் சொல்லிக் கேட்கமாட்டார். 'அது', 'இது' என்று விரலைக் காட்டுவார். சிக்கனமான மனுஷர், பேச்சிலும் சிக்கனம் என்று நாங்கள் கேலி செய்வோம். அவருடைய போன் மேஜைமேல் கிடந்தது. ஆப்பைத் திறந்து முகப்புப் படத்தை அழுத்திப் பிடித்தேன். இரண்டு கணக்குகள் ஒன்றின் கீழ் ஒன்றாக வந்தன: அப்பா, உள்ளதைச் சொல்பவன்.

அவர் மெஷினை நிறுத்தினார்.

"ஏன்பா?" என்றேன்.

வெகுநேரம் வாயைத் திறந்து திறந்து மூடினார். கழுத்து நரம்பு புடைத்தது. "அவகிட்ட இருக்கறது எ... எ... என்கிட்ட இருந்து போனது," என்றார். "நான் எழுதினது எல்லாம், சின்ன வயசுல என்னைச் சொன்னதுதான். நாலு பேர் சிரிச்சு அவ உடைஞ்சு போறதுக்குள்ள... நானே நிறுத்திடலாம்னு."

அப்படியென்றால் அந்த இதயங்கள் என்ன என்று கேட்டேன். அவையும் பொய்யில்லை என்றார். அவரை அடிக்கவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும், திக்கும் சொற்களையெல்லாம் அவர் விரலால் தாண்டியதை நான் பார்க்கவில்லை. அந்தக் கணக்கை என் கண்முன்னாலேயே நீக்க வைத்தேன். குருவிக்கு இது தெரியவே கூடாது என்று சத்தியம் வாங்கினேன். தடையை எடுத்தாலும் பழைய இதயங்கள் திரும்பி வராது. அதனால் அப்பா அவளை மறுபடி பின்தொடர்ந்து, முதல் வீடியோவிலிருந்து ஒவ்வொன்றாக முழுக்கக் கேட்டு, மறுபடி இதயம் போட்டார். லென்ஸ் துடைக்கும் துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கிடங்கு விட்டு குருவி நேராகக் கடைக்கு வந்தாள். போனைக் கொடுத்தேன். அறிவிப்பு முழுக்க அப்பா. அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. அந்த ஆளும் ஒழிந்தான், அப்பாவும் வந்துவிட்டார், இனி நூலகத்துக்குப் போவேன் என்றாள். பின்னறைக்குப் போய் அவர் எதிரே முக்காலியில் உட்கார்ந்தாள்.

"நீங்களும் வ-வரணும்பா. உங்களை மாதிரி தி-திக்காத ஆள் ஒருத்தர் எதிர்ல இருந்தா எனக்குத் தைரியமா இருக்கும்."

அப்பா அவளையே பார்த்தார். வாயைத் திறந்தார். "நா... நா... நா..."

நான் கதவருகே நின்றேன். அது 'நான்தான்' என்று எனக்குத் தெரிந்துவிட்டது. குறுக்கே புகுந்து, வருகிறேன் என்கிறார் என்று முடித்துவைக்க வாயெடுத்தேன். குருவி கையைத் தூக்கி என்னைத் தடுத்தாள். பேசுகிறவருடைய சொல்லை அடுத்தவர் முடிப்பது எப்படி வலிக்கும் என்று அவளுக்குத் தெரியும். அவள் வியப்போடு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கி, சிரித்தாள்.

"அவசரமே இல்லப்பா," என்றாள். "மெதுவா சொல்லுங்க. நான் கா-காத்திருக்கேன்."