ஆறின பம்பில் பார்த்த பூஜ்யம்

கை நடுங்குகிறவரை ஊசி போட விடமாட்டார்கள், அது நியாயம். சீல் மாட்டவும் விடக்கூடாது என்று அந்த ஆஸ்பத்திரியின் கொதிகலன் அறையில் பேச்சு கிளம்பியிருந்தது. பேச்சு டெக்னீஷியனின் மச்சானைப் பற்றித்தான். பம்பின் தண்டைச் சுற்றித் தண்ணீர் ஒழுகாமல் அடைக்கிற சீலை அங்கே காலங்காலமாக மாட்டுகிறவர் அவர். வார்டுகளுக்கு வெந்நீர் அனுப்பும் பம்பில் இப்போதெல்லாம் எந்த சீலும் சில வாரங்களுக்கு மேல் தாங்குவதில்லை. அவருக்குக் கை லேசாக நடுங்கும் வேறு. வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தது.

"இன்னொரு தடவை ஒழுகினா உங்களை ஸ்டோருக்குத்தாண்ணா மாத்தணும்" என்று இன்ஜினியர் மேடம் மனசில்லாமல்தான் சொல்லியிருந்தார். போல்ட் எண்ணிக்கொண்டு மூலையில் உட்காருவதென்றால் மச்சானுக்கு உயிரே போய்விடும். இன்று காலை மறுபடி ஒழுகியது.

கழற்றிய சீலை டெக்னீஷியன் வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தான். மச்சானின் தங்கையைக் கட்டியவன் இவன். கை தவறி மாட்டியிருந்தால் கீறலோ உடைசலோ இருக்க வேண்டும், மாட்டிய அன்றே ஒழுகியிருக்க வேண்டும். இதில் அப்படி ஒன்றும் இல்லை. ஆனால் அசையாத வளையத்தின் மேல் தேய்ந்திருந்த தடம், அதை உரசிச் சுற்றுகிற வளையத்தைவிட அகலமாக இருந்தது. சுற்றுகிறது ஓரிடத்தில் நில்லாமல் அலைந்திருக்கிறது. மோட்டாரையும் பம்பையும் இணைக்கிற கப்ளிங்குக்குக் கீழே கறுப்பாக ரப்பர் தூள் வேறு. இரண்டு தண்டும் நேர்கோட்டில் இல்லை என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

அந்த மோட்டாரை மாற்றி நேர் பார்த்து வைத்தவன் இவனேதான். பழைய மோட்டாரின் காலடியில் உயரம் கூட்ட வைத்திருந்த ஷிம் தகடுகளை, "எவனோ சோம்பேறி அள்ளிப் போட்டிருக்கான்" என்று திட்டி உருவி எறிந்துவிட்டு, தண்டுகளின் நேர் விலகலைக் காட்டும் டயல் கேஜின் ஊசியைப் பூஜ்யத்தில் நிறுத்தினான். அன்றைக்குத் தலைகால் புரியவில்லை இவனுக்கு.

உடனே கேஜை மாட்டிப் பார்த்தான். இப்போதும் பூஜ்யம்தான். அட, இதென்ன கூத்து?

மச்சான் புது சீலை மாட்டினார். பம்பை ஓட்டினார்கள். வெந்நீர் ஏறி ஓட ஆரம்பித்து வெகுநேரம் கழித்து, இவன் யோசனையில் பம்பின் மேல் கையை ஊன்றி வெடுக்கென்று எடுத்தான். கை சுட்டுவிட்டது. மோட்டாரைத் தொட்டான். வெதுவெதுப்புதான். அப்போதுதான் மண்டையில் உறைத்தது.

பக்கத்துப் பம்பை ஓடவிட்டு, இதை நிறுத்தி, மெயின் சுவிட்சுக்குப் பூட்டுப் போட்டு, சூடு ஆறுவதற்குள் கேஜை மாட்டித் தண்டைச் சுற்றினான். ஊசி பூஜ்யத்தை விட்டு எங்கேயோ போய் நின்றது. சூட்டில் பம்பு விரிந்து அதன் தண்டு மேலே ஏறியிருக்கிறது, மோட்டார் கீழேயே நிற்கிறது. அந்தச் 'சோம்பேறி' ஆறின மோட்டாரை வேண்டுமென்றே உயர்த்தி வைத்திருந்தான், பம்பு சூடாகி ஏறி வந்து சேர்ந்துகொள்ளட்டும் என்று.

"மச்சான், தப்பு உங்க கையில இல்ல. நான் நேர் பார்த்த அலைன்மென்ட்ல."

மச்சான் ஆச்சரியப்படவில்லை. கழிவுத்துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"சூட்டு விஷயம் தெரியாது. தடம் அகலமா இருந்ததை முதல் சீல்லயே பார்த்தேன். அலைன்மென்ட்தான்னு பட்டுச்சு."

"வாயில என்ன கொழுக்கட்டையா? சொல்றதுக்கு என்ன?"

"உனக்கு வேலை நிரந்தரம் ஆகப்போற நேரம் மாப்ள. உன் பேரு கெட்டா என் தங்கச்சி முகம் வாடிடும். எனக்கு என்ன, ஸ்டோர்தானே."

இவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கண்ணும் நிறைந்தது, கோபத்தில்தான் என்று நினைத்துக்கொண்டான். "பைத்தியமா மச்சான் உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டு மேடத்தின் அறைக்கு நடந்தான். பின்னால் மச்சான், "சும்மா இரு மாப்ள, சொல்றதைக் கேளு" என்று கெஞ்சிக்கொண்டே ஓடிவந்தார்.

இவன் ஒன்று விடாமல் சொன்னான். மேடம் வந்து சீலைப் பார்த்தார், கேஜைப் பார்த்தார்.

"சூட்டுல பார்க்கச் சொல்லி நானும் கேட்டிருக்கணும். ரிப்போர்ட்ல உங்க பேரைப் போட்டுத்தான் எழுதுவேன், நிரந்தரம் கொஞ்சம் தள்ளிப்போகும். சரியா?"

"தள்ளிப்போகட்டும் மேடம்."

"அண்ணா, ஸ்டோர் பேச்சை மறந்துடுங்க. மன்னிச்சுக்கோங்க."

மேடம் போனதும் மச்சான் ஒரு காலி டிரம்மின் மேல் உட்கார்ந்தார். வெகுநேரம் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரிஞ்சேதான் பழியை ஏத்துக்கிட்டேன் மாப்ள. ஆனா எல்லாரும் சொல்லிச் சொல்லி, கடைசி ரெண்டு சீலை மாட்டுறப்போ எனக்கே பயம் வந்துடுச்சு. நிஜமாவே என் கைதானோன்னு."

இவன் பக்கத்தில் உட்கார்ந்து, கிரீஸ் படிந்த அந்த இரண்டு கைகளையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான்.